மிஸ்ஸி வீட்டுப் பலகையில் நான் எழுதிய நாலு எழுத்து

ஜொகூர் பாருவை அடுத்த கூலாயில் போர்டு எழுதிப் பிழைத்த காலத்தில் எனக்குக் கை திருத்தம் என்று பெயர். அந்தப் பெயரால் எனக்குத் தலைக்கனமும் உண்டு. தமிழும் இங்கிலீஷும் எனக்குப் படிக்கத் தெரியும். அரபு எழுத்தில் மலாய் எழுதுகிற ஜாவியும் சீனமும் தெரியாது. ஆனால் எந்த எழுத்தைக் காட்டினாலும் கட்டம் போட்டு, அளவு எடுத்து, மூலத்தைவிட அழகாகப் பெரிதாக்கிவிடுவேன். படிக்கத் தெரியாததை எழுதுவதில் ஒரு சிக்கல் இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றியதே இல்லை.

ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி வேலை பழகிய யாழ்ப்பாணத்து அம்மாள் ஒருவர், ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு, கூலாய்க் கடைத்தெருவில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துச் சொந்தமாகப் பிரசவம் பார்க்க வந்தார். எல்லாரும் அவரை மிஸ்ஸி என்றே கூப்பிட்டோம். ஊரில் முக்கால்வாசிப் பேர் சீனர்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் நம்பி வந்தால்தான் அவரால் அங்கே நிலைக்க முடியும். இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். அதை அவர் ஒளிக்காமல் என்னிடம் சொன்னார். அதனால் பலகையில் நாலு மொழியும் வேண்டும் என்றார்.

தமிழையும் இங்கிலீஷையும் நானே எழுதினேன். ஜாவிக்குப் பள்ளிவாசல் பக்கம் இருந்த ஒரு மலாய் வாத்தியாரிடம் போனேன். வேதத்தின் எழுத்தாயிற்றே, தப்பாகிவிட்டால் ஊரே சண்டைக்கு வருமே என்ற பயத்தில் இரண்டு தரம் படித்துக் காட்டச் சொன்னேன். சீனத்துக்கு அந்தப் பயம் எனக்கு இல்லை.

மிஸ்ஸி வாசல் கதவைக் காட்டினார். சிவப்புத் தாளில் கறுப்பு மையால் நாலு எழுத்து. வீட்டை எடுத்த நாளிலிருந்தே அது கதவில் இருக்கிறதாம்.

"தம்பி, முந்தி இருந்த சீன ஆக்கள் ஒட்டினதாக்கும். அவையள் வருசப்பிறப்புக்கும் இப்படித்தானே சிவப்புத் தாள் ஒட்டுறவை. நல்ல வார்த்தையாத்தான் இருக்கும். நான் கிழிக்காமல் வச்சிருக்கிறன். அதையே எழுதுங்கோ."

"அர்த்தம் கேட்டுட்டு எழுதுறேன் மிஸ்ஸி" என்றேன் பெரிய மனிதனாட்டம்.

கேட்கவும் செய்தேன். அதுதான் வேடிக்கை. பெரிய எழுத்துகளை நான் ஒவ்வொன்றாகத் தனித்தாளில் வரைந்துகொள்வது வழக்கம். நாலில் இரண்டு தாள் காய்ந்துவிட்டது, மற்ற இரண்டும் ஈரம். காய்ந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு எதிர்ச்சாரியில் இருந்த கோப்பிக் கடையின் சீன முதலாளி தவுக்கேயிடம் போனேன். முதல் தாளைப் பார்த்தவர் பெருவிரலை உயர்த்தினார். நல்லது, அதிர்ஷ்டம் என்று மலாயில் சொன்னார். இரண்டாவது, வீடு. நல்ல அதிர்ஷ்டமுள்ள வீடு! பிள்ளை பிறக்கிற இடத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? மற்ற இரண்டும் இதற்குத் தோதாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு கடையைவிட்டு இறங்கினேன்.

பலகை ஏறிய பிறகு கதவுத் தாளை மிஸ்ஸி எடுத்துவிட்டார். அதே நாலு எழுத்து இப்போது மேலே, ஒவ்வொன்றும் ஒரு முழ உயரமாக, சிவப்பும் தங்கமுமாக மின்னிக்கொண்டிருந்தது. நான் தெருவில் போகும்போதெல்லாம் நின்று பார்த்துக்கொள்வேன்.

தமிழ்ப் பெண்கள் வந்தார்கள். மலாய்ப் பெண்கள் வந்தார்கள். சீனர்களும் வந்தார்கள், ஆனால் எல்லாரும் ஆண்கள். மேலே அறை காலியா, எத்தனை பேர் தங்கலாம் என்று மலாயில் விசாரித்துவிட்டு, இல்லை என்றதும் பலகையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

"ஏன் தம்பி, பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு வராமல் அறை கேக்கினம்?"

எனக்கும் அது பெரிய புதிராக இருந்தது. பிரசவமாகும் வரை புருஷன் பக்கத்திலேயே தங்குவது அவர்கள் வழக்கமோ என்று ஒரு நாள் சொன்னேன். ரப்பர் விலை விழுந்து தோட்டத்தை விட்டு வந்தவர்களுக்கு ஊரில் இடமில்லையோ என்று இன்னொரு நாள் சொன்னேன். எத்தனையோ காரணம் யோசித்தேன். என் தலைக்கு மேலே தொங்குகிற காரணம் மட்டும் என் புத்திக்கு எட்டவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், நான் பக்கத்துக் கடைக் கதவுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். அன்னாசி ஏற்றும் லாரி ஒன்று மிஸ்ஸி வீட்டின் முன்னால் நின்றது. மலாய் டிரைவர் இறங்கிக் கதவைத் தட்டினார். லாரியிலிருந்து ஒரு சீன வாலிபன் தன் மனைவியைக் கைத்தாங்கலாக இறக்கினான். துணியில் சுற்றிய பச்சைப் பிள்ளையை டிரைவர் வாங்கிக்கொண்டார். பெண்ணின் முகத்தில் இரத்தமே இல்லை. மிஸ்ஸி உடனே அவளை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

டிரைவர்தான் எனக்கு விவரம் சொன்னார். அந்தப் பெண்ணுக்குக் காலையிலேயே வலி கண்டிருக்கிறது. இந்தத் தெருவில் ஒரு மருத்துவச்சி இருப்பதாகக் கேள்விப்பட்டு, டிரைவருக்குப் படிக்கத் தெரியாததால் புருஷன்தான் ஒவ்வொரு பலகையாகப் படித்துக்கொண்டே வந்திருக்கிறான். அப்படி ஒரு பலகை இல்லை. சரி, ஜொகூர் பாருவுக்கே போய்விடலாம் என்று தாண்டிப் போனபோது, வழியில் கம்பம் என்கிற மலாய்க் கிராமத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் பிள்ளை பிறந்துவிட்டது. இரத்தப்போக்கு நிற்காததைப் பார்த்து, அந்த வீட்டுக்காரர்கள்தான் கூலாய் மிஸ்ஸியிடம் திருப்பி அனுப்பினார்கள்.

"போர்டு இருக்கே. இதோ, இவ்வளவு பெரிசா" என்றேன் மலாயில். எனக்குக் கோபம்கூட வந்தது.

வாலிபன் அண்ணாந்து பார்த்தான். விரலை நீட்டி நாலு எழுத்தையும் சேர்த்துக் காட்டினான்.

"ரூமா சேவா" என்றான்.

வீடு வாடகைக்கு. வீடு காலியானதும் சொந்தக்காரர் ஒட்டிய தாள் அது. வாடகைக்கு விடுகிற வீட்டை நல்ல வீடு என்று எழுதுவது அவர்கள் வழக்கமாம். தவுக்கே எனக்குப் பொய் சொல்லவில்லை. நான்தான் பாதியைக் காட்டிவிட்டு முழுவதும் தெரிந்துகொண்டதாக நினைத்துவிட்டேன்.

ஏணியைப் போட்டுப் பலகையை அந்த நிமிஷமே இறக்கினேன். உள்ளே அந்தப் பெண் பிழைப்பாளா என்று தெரியவில்லை. சாயங்காலம் மிஸ்ஸி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, "ரத்தம் நிண்டுட்டுது. இனிப் பயமில்லை" என்றார். பலகைச் சங்கதியை நான் சொன்னதும் அவர் என்னைத் திட்டவில்லை. "நானும்தானே காட்டினனான்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பிரசவம் பார்க்கும் இடம் என்பதற்கு உரிய சீன எழுத்தை அந்த வாலிபனே எழுதிக் கொடுத்தான். இந்த முறை நான் தாளை முழுசாக எடுத்துக்கொண்டு போனேன். தவுக்கேயிடமும், சீனப் பள்ளி வாத்தியாரிடமும், மீன் விற்கிற ஒரு அம்மாளிடமும் தனித்தனியாகக் காட்டினேன். என்ன எழுதியிருக்க வேண்டும் என்று ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. இது என்ன என்று மட்டும் கேட்டேன். மீன்கார அம்மாளுக்குப் படிக்கத் தெரியாது, மகளைக் கூப்பிட்டாள். மகள் படித்துச் சொன்னதும் அந்த அம்மாள் தன் வயிற்றைத் தொட்டு, பிள்ளையை ஏந்துகிற மாதிரி இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள். மற்ற இருவர் சொன்னதும் அதே அர்த்தம்தான். அதற்குப் பிறகுதான் பிரஷைத் தொட்டேன்.

பலகையை மறுபடி மாட்டிய அன்று, குடும்பத்தை வீட்டுக்குக் கூட்டிப்போக வாலிபன் வந்திருந்தான். பலகையை ஒருமுறை படித்தான். பிறகு தெருக்கோடிக்கு நடந்துபோனான். எங்கே போகிறான் என்று எனக்குப் புரியவில்லை. கோடியிலிருந்து திரும்பி, பிள்ளை பிறந்த அன்று காலை வந்த மாதிரியே இரண்டு பக்கமும் ஒவ்வொரு பலகையாகப் படித்துக்கொண்டே வந்தான். இந்த முறை மிஸ்ஸி வீட்டின் முன்னால் வந்ததும் நின்றான்.

எனக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏணியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.