‘வாங்க’ என்று முடிந்த அறிவிப்பு

பெத்துசாமி இறந்து பதினோரு நாள் கழித்து, அவருடைய தம்பி நஞ்சுண்டன் ஒரு தாளை நீட்டினார். கணபதிப் பகுதியில் பெத்துசாமி நடத்திய மாவு மில்லை மறுபடி திறப்பதற்கான அறிவிப்பு அது. பெத்துசாமியின் மனைவி வெங்கடம்மாள் அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

‘எமது நிறுவன உரிமையாளர் இயற்கை எய்தியதை முன்னிட்டு மூடப்பட்டிருந்த அரவை நிலையம், எதிர்வரும் திங்கட்கிழமை முதல் வழக்கம்போல் செயல்படும் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.’

“கோர்ட்டு நோட்டீசாட்டம் இருக்குதுங்களே கொழுந்தனாரே.”

“கடைன்னா அப்படித்தானுங்க அண்ணி. ஒரு மாசம் பாப்போம். ஆள் வரலீன்னா மாவு மெஷின், மிளகா மெஷின் ரெண்டையும் வித்துப்போடலாம்.”

மில்லில் அவருக்கும் பங்கு உண்டு. பெண்ணால் ஓட்ட முடியாது என்பது அவர் எண்ணம். இருபது வருடமாக மிளகாயின் காரத்தில் இருமிக்கொண்டே மெஷினுக்குப் பக்கத்தில் நின்றவள் வெங்கடம்மாள்தான். பெத்துசாமி வாசலில் உட்கார்ந்து ஆட்களோடு பேசுவார். அந்தப் பேச்சுக்கு வந்தவர்கள் தன்னை நம்பி வருவார்களா என்பதுதான் அவளுடைய பயம்.

எதிர்வீட்டு மாடியில் இருக்கும் லோகப்பிரியா, தெருக்காரர்களின் முகநூல் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறவள். வெங்கடம்மாள் கொண்டுபோன தாளைக் கையில் வாங்கியதும் சிரித்துவிட்டாள்.

“அக்கா, இதைப் போட்டா தள்ளிட்டுப் போயிருவாங்க. யாரு பேசறாங்கன்னே தெரியலையே. வாசல்ல நின்னு எப்படிச் சொல்லுவீங்களோ, அப்படிச் சொல்லுங்க.”

வெங்கடம்மாளுக்குச் சொல்ல வரவில்லை. லோகப்பிரியா ஒவ்வொன்றாகக் கேட்டாள். எத்தனை மணிக்குத் திறப்பீர்கள், என்னென்ன அரைப்பீர்கள். பதில்களை வைத்து எழுதி, உரக்கப் படித்தாள்.

‘நம்ம பெத்துசாமி அண்ணன் மில்லு திங்கக்கிழமை காலைல ஏழு மணிக்குத் திறக்குதுங்க. அண்ணன் இல்லை. வெங்கடம்மா அக்கா இருக்காங்க. ராகி, அரிசி, மிளகா, மல்லி எல்லாம் பழையபடி அரைச்சுத் தருவாங்க. எல்லாரும் மறக்காம வாங்க!’

‘அண்ணன் இல்லை’ என்ற இடத்திலேயே வெங்கடம்மாளின் காது நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் வந்தது எதுவும் ஏறவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி, “போட்டுரு கண்ணு,” என்றாள்.

சாயங்காலம் அதன் கீழே முதல் பதில் வந்தது. எழுதியவள் அடுத்த தெரு தெய்வாத்தாள். மகள் கல்யாணத்துக்கு மூட்டை மூட்டையாக மிளகாய் அரைக்க இருந்தவள்.

‘ஞாயித்துக்கிழமைதான் கருமாதி. அதுக்குள்ள எழவு ஊட்டுல இருந்து வாங்கன்னு கூப்படறாங்க. கல்யாண மிளகாயை அங்கயா கொண்டுபோறது?’

அதன் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

இழவு வீட்டில் யாரையும் வாங்க என்று சொல்லக் கூடாது. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். லோகப்பிரியாவுக்கும் தெரியும். ஆனால் செல்போனில் எழுதும்போது அவளுக்கு அது ஒரு கடை. இழவு வீடாகத் தெரியவில்லை. படியிறங்கி ஓடி வந்தாள்.

“நான் எழுதினதுக்கு உங்களைத் திட்டறாங்கக்கா.”

“உன்னைய மட்டும் சொல்லி என்ன? நானுந்தான் கேட்டுட்டு இருந்தேன்.”

நஞ்சுண்டன் சும்மா இருக்கவில்லை. “நான் குடுத்த நோட்டீஸ் மொறைப்பா இருந்துச்சு. ஆனா அதைப் போட்டிருந்தா ஒரு நாய் கொலைச்சிருக்குமா?”

லோகப்பிரியா கடைசி வரியை எடுத்துவிட்டு, ‘கருமாதி முடிந்த மறுநாள் திறக்கும்.’ என்று திருத்தினாள். யாரையும் அழைக்கவில்லை. தவறு தன்னுடையது, அக்காவுடையது அல்ல என்று தன் பெயரிலேயே கீழே எழுதினாள். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. படித்ததெல்லாம் முதலில் போட்டதைத்தான்.

திங்கட்கிழமை ராகி கொண்டுவந்தவர்கள் இரண்டு பேர். மறுநாள் நாலு பேர். மிளகாய் ஒருவரும் கொண்டுவரவில்லை. தெய்வாத்தாளின் மூட்டைகள் ஆட்டோவில் மில் வாசலைத் தாண்டித்தான் போயின. வெங்கடம்மாள் ஷட்டருக்குள்ளிருந்து பார்த்தாள், ஆட்டோவில் இருந்த தெய்வாத்தாளும் பார்த்தாள். கல்யாண வீட்டுக்காரி, பயந்திருப்பாள் என்று வெங்கடம்மாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கோபம் குறையவில்லை.

மாதம் முடிந்தது. மெஷின்களை விலைபேச நஞ்சுண்டன் மேட்டுப்பாளையத்துக்காரர் ஒருவரைக் கூட்டிவந்தார். அவள் ரொம்ப நேரம் பேசித்தான் மாவு மெஷினை விடாமல் பிடித்துக்கொண்டாள். மிளகாய் மெஷினை டெம்போவில் ஏற்றிப் போனார்கள். அது நின்ற இடத்தில் சிமெண்டுத் தரை செக்கச்செவேலென்று இருந்தது. தண்ணீர் ஊற்றித் தேய்த்தும் போகவில்லை.

லோகப்பிரியா தயங்கித் தயங்கி வந்தாள். “மிளகா இனி இல்லைன்னு முகநூல் பக்கத்துல போடணும்ல அக்கா? தெரியாம தூக்கிட்டு வந்து திரும்பிப் போவாங்க. எப்படி எழுதறது?”

வெங்கடம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். இந்த முறை அவள் யோசிக்கவில்லை.

“எழுதிக்கோ கண்ணு. மிளகா மெஷினை வித்துட்டோமுங்க. மாவு மட்டும் அரைக்கறோம். காலைல ஏழு மணிக்கு நான் இருப்பேன்.”

“அவ்வளவுதானுங்களா அக்கா?”

“அவ்வளவுதான். வெங்கடம்மான்னு போட்டுரு.”