கழிக்காமல் விட்ட உப்பு

மரக்காணம் உப்புக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள் கலைமதி. பி.காம். முடித்த பெண். நாலு பேர் மாதிரி பேங்க் பரீட்சைக்குப் போகாமல், ஈ.ஆர்.பி. ஃபங்ஷனல் கன்சல்டன்ட் ஆகப்போகிறேன் என்று பிடிவாதமாக நின்றவள். ஒரு கம்பெனியில் வேலை எப்படி நடக்கிறது என்று கேட்டறிந்து, அதை சாஃப்ட்வேரில் அப்படியே அமைத்துக் கொடுக்கிற வேலை அது. புரோகிராம் எழுதத் தெரிய வேண்டாம். கணக்கும் காதும் வேண்டும். கணக்கு அவளிடம் இருந்தது.

பஸ்ஸில் போகும்போதெல்லாம் செல்போனில் பாடம் கேட்டாள். சரக்கு வாங்குவதிலிருந்து பணம் கொடுப்பது வரைக்கும் ஒரு சங்கிலி, விற்பதிலிருந்து பணம் வந்து சேர்வது வரைக்கும் இன்னொன்று. இரண்டையும் பயிற்சி சர்வரில் போட்டுப் போட்டுக் கைப்பழக்கம் ஆக்கிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து முதலாளி தட்சணாமூர்த்தியே கம்பெனிக்கு ஈ.ஆர்.பி. சாஃப்ட்வேர் வாங்கினார். அமைக்க வந்தவர் சென்னைக்காரர் ஜெயப்பிரகாஷ்.

"இங்க வேலை எப்படி நடக்குதுன்னு நீயே எழுதிக் குடு. டெஸ்டிங்கும் நீயே பண்ணு. ஒழுங்கா முடிஞ்சா எங்க கம்பெனில டிரெய்னியா சேத்துக்கச் சொல்லிப் பாக்கறேன்" என்றார் அவர்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் தூங்கி எழுந்தாள். இப்போது அது கையை விட்டுப் போகப்போகிறது.

நடந்தது இதுதான். மூன்றாம் அம்பாரத்து உப்பு முழுக்க மூட்டை கட்டி லாரி ஏறிவிட்டது. குவித்திருந்த இடத்தில் மூடியிருந்த ஓலைக் கீற்றைத் தவிர ஒன்றுமில்லை. ஸ்கிரீனோ இன்னும் பன்னிரண்டு டன் இருக்கிறது என்றது.

தட்சணாமூர்த்தி காவலாளி சிலம்பரசனைக் கூப்பிட்டனுப்பினார். முதலாளி, உப்புப் பாத்தியில் கால் வெடித்து வேலை செய்து, அந்தப் பாத்தியையே விலைக்கு வாங்கிய மனுஷன். அவர் குரலை உயர்த்த மாட்டார். அதுதான் பயம்.

"ஏம்பா, பன்னண்டு டன்னு எங்க போச்சு?"

"நான் ஒரு கல்லு எடுக்கல மொதலாளி. காத்து மழை தின்னிருக்கும்."

"கழிவ எனக்கே சொல்லித் தர்றியா? கழிவு போவத்தான இந்தக் கம்ப்யூட்டர் பொட்டி காட்டுது. இது கழிவு இல்ல. நாளைலேருந்து வேற ஆள் பாத்துக்கறேன்."

சிலம்பரசன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். ஜெயப்பிரகாஷ் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கலைமதிக்கு அதைக் கேட்டதும்தான் உறைத்தது. கழிவை அந்தப் பெட்டி கழிக்கவே இல்லை. கழிக்கும்படி அவள் எழுதிக் கொடுக்கவில்லை. உப்பைக் குவித்தால் நீர் வடிந்து எடை இறங்கும், மழை கரைக்கும். உப்பளத்து ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். பழைய கணக்கிலோ அம்பாரம் தீர்ந்த பிறகு ஒரேயடியாகக் 'கழிவு' என்று ஒரு வரி விழும். யாரோ பழக்கத்தில் போடுகிற வரி என்று நினைத்து அவள் விட்டுவிட்டாள். காலேஜில் இதையே 'சாதாரண நஷ்டம்' என்று பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவள். அந்தப் பாடமும் வாசலில் கிடக்கிற உப்பும் ஒன்றுதான் என்று தோன்றவேயில்லை. களத்துக்குப் போய் ஒருத்தரையும் கேட்கவுமில்லை.

வாயைத் திறந்தால் சென்னை வேலை போச்சு. திறக்காவிட்டால் சிலம்பரசன் திருடன்.

எழுந்து நின்றாள். "ஐயா... அதுல கழிவு கழிக்கல. நாந்தான் எழுதாம வுட்டுட்டேன்."

தட்சணாமூர்த்தி ஜெயப்பிரகாஷ் பக்கம் திரும்பினார்.

"எவ்ளோ கழியும்?" என்றார் ஜெயப்பிரகாஷ், நிமிராமலே.

"தெரியாது சார்."

"தெரியாம எப்படிம்மா எழுதின?"

கலைமதி பழைய கணக்கு நோட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். தீர்ந்துபோன பழைய அம்பாரங்களில் வந்த எடை, போன எடை எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தார்கள். பன்னிரண்டு டன் வழக்கமான கழிவுக்குள்தான் நின்றது.

தட்சணாமூர்த்தி காவலாளியைப் பார்த்தார். "போய் வாசல் கேட்டைப் பாருடா." மன்னிப்பு அவ்வளவுதான்.

சாயங்காலத்துக்குள் ஜெயப்பிரகாஷ் அமைப்பை மாற்றினார். அம்பாரத்தை அளந்து பார்த்து, குறைந்ததைக் கழிவு என்ற தனிக் காரணத்தில் எழுத வேண்டும். வழக்கமான அளவு வரைக்கும் அந்த நஷ்டம் மீதி உப்பின் விலையில் ஏறும். அதற்கு மேல் போனால் முதலாளி ஒப்புதல் கொடுக்காமல் கணக்கு நகராது. அளந்து எழுதச் சொன்னது கலைமதியைத்தான்.

"சார், சென்னை..." என்று இழுத்தாள்.

"தப்ப மறைச்சிருந்தா இன்னிக்கே முடிஞ்சிருக்கும். ஆபீஸ்ல சொல்றேன். எடுப்பாங்களான்னு தெரியாது." பையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பயம் போகவில்லை. அந்தப் பயத்தோடேயே அவள் நாலாம் அம்பாரத்துக்கு நடந்தாள். சிலம்பரசன் கீற்றை இழுத்து மூடிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இது குவிச்சப்ப ஈரமா இருந்துச்சா, காஞ்சு இருந்துச்சா?"

அவன் திரும்பிப் பார்த்தான். "இதக் கேக்க என் வேல போவணுமா கலை?"

அவள் தலை குனிந்தாள். "ஈரந்தான். எழுதிக்க" என்றான் அவன்.