வாய்க்கு மட்டும் விலக்கிய கடலை

இதை எழுத உட்கார்ந்து பலமுறை எழுந்து போயிருக்கிறேன். சாமியையும் வேண்டுதலையும் குறை சொல்கிறாள் என்று சொந்தபந்தம் பேசும் என்ற பயம்தான் இத்தனை வருஷம் கையைப் பிடித்து வைத்தது. விளக்கேற்றாமல் நான் காபிகூடக் குடிப்பதில்லை. சாமிமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. மனிதர்கள்மேல் இருக்கிறது.

ஓசூரில் என் கணவருக்கு வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஷிப்டு வேலை. மாடியில் நாங்கள், கீழ்வீட்டில் அவருடைய அக்கா. எங்கள் மூத்த பெண்ணுக்கு மூன்றாம் மாதத்திலேயே கன்னமும் முழங்கை மடிப்பும் வெடித்து நீர் வடிய ஆரம்பித்தது. கரப்பான் என்று வீட்டில் சொன்னார்கள். ஐந்தாம் மாதம் குழந்தை டாக்டரம்மாவிடம் காட்டினோம். அவர் களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, நாங்கள் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார். தோல் இவ்வளவு மோசமாக இருக்கிற குழந்தைக்கு நிலக்கடலை ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகம். அதனால் தள்ளிப் போடாமல், முதலில் ஒரு பரிசோதனை செய்து பார்த்து, சரியென்றால் தன் கண்முன்னாலேயே கடலையை நைசாக அரைத்துத் தண்ணீராகக் கரைத்துக் கொடுத்துப் பழக்க வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அக்கா சிரித்தார்.

"கரப்பான் புள்ளைக்குக் கல்லக்காவா? எந்த ஊர்ல படிச்சா உன் டாக்டரு?"

"டெஸ்டு எடுத்துட்டுதான் தருவாங்களாம் அக்கா."

"பத்தாவது முடிச்சவ நீ, எனக்கு டெஸ்டு சொல்றியா? ரெண்டு பெத்து வளத்தவ நான்."

என் கணவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அக்கா சொல்றதுலயும் நாயம் இருக்குது" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமையே அக்கா மஞ்சள் துணியில் காசு முடிந்து குலதெய்வத்தின் படத்தடியில் வைத்தார். கரப்பான் ஆறும்வரை பிள்ளை வாயில் கடலை படாது. ஆறியதும் கோயிலில் மொட்டை போட்டு, கடலை படைத்து, அதைத்தான் முதலில் ஊட்டுவோம் என்று வேண்டிக்கொண்டார். சாமி பெயரில் முடிந்த காசை அவிழ்க்க எனக்குத் தைரியம் ஏது? பரிசோதனைக்குப் போகவில்லை. வீட்டில் கடலைச் சட்னி நின்றது, பொடி நின்றது.

ஆனால் அக்கா தினமும் சாயங்காலம் கிண்ணத்தோடு மேலே வருவார். அவருடைய மாமியார் ஊர்ச் செக்கில் ஆட்டிய கடலெண்ணெய், கசடுகூட இன்னும் தெளியாத புது எண்ணெய். வெடித்த கன்னத்திலும் முழங்கையிலும் அழுத்தித் தேய்ப்பார். தோல் காய்ந்திருப்பதால்தான் வெடிக்கிறது, எண்ணெய் குடித்தால் ஆறும் என்பார். எனக்கும் அது சரியென்றே பட்டது. எண்ணெயும் கடலைதான் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பெண்ணுக்கு இரண்டு வயது தாண்டித்தான் தோல் ஓரளவு ஆறியது. வேனில் கிளம்பினோம். எங்கள் குலதெய்வம் கிருஷ்ணகிரி போகிற வழியில் குந்தாரப்பள்ளிக்கு உள்ளே, வயல் நடுவில். மொட்டை அடித்துச் சந்தனம் பூசினோம். அக்கா வறுத்த கடலையையும் வெல்லத்தையும் இடித்து இலையில் படைத்து, ஒரு சிட்டிகை எடுத்துக் குழந்தை வாயில் வைத்தார். இனிப்பென்று அவள் இன்னும் கேட்டாள். இன்னொரு சிட்டிகை.

பூசாரி கற்பூரத் தட்டோடு எங்களிடம் வருவதற்குள் அவள் சொறிய ஆரம்பித்துவிட்டாள். பூசின சந்தனத்துக்கு நடுவில் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. உதடு வீங்கியது. வாந்தி எடுத்தாள். பிறகு இருமினாள், அழுகிற குரல் கம்மிப்போய் என் பிள்ளையின் குரலாகவே இல்லை.

"கண்ணு பட்டிருக்கு, துன்னூறு போடுடி" என்றார் அக்கா.

நான் போட்டேன். போட்டுக்கொண்டே வேனுக்கு ஓடினேன். கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் எங்களை ஒன்றும் கேட்காமல் முதலில் தொடையில் ஊசி போட்டார். குழந்தையைப் படுக்க வைத்து முகத்தில் ஆக்சிஜன் வைத்த பிறகுதான், "என்ன சாப்ட்டா?" என்றார். மூச்சு சீரானதும் கிளம்பலாமா என்று கேட்டோம். அடங்கினதுபோல் இருந்து திரும்ப வரலாம் என்று அங்கேயே வைத்துக்கொண்டார்.

வார்டு வாசலில் அக்கா சொந்தக்காரர்களிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "வயித்துல இருக்கறப்ப இவ கல்லக்காவா மென்னா. அதான் புள்ளைக்கு வெசமாச்சு."

ஓசூர் திரும்பிப் பரிசோதனை செய்ததில் நிலக்கடலை ஒவ்வாமை என்று உறுதியானது. நான் கர்ப்பத்தில் கடலை தின்றதாலா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"இல்லம்மா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. உடம்புல என்ன தேச்சீங்க?"

சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"செக்கெண்ணெயில கடலையோட சத்து கொஞ்சம் இருக்கும்மா. வெடிச்ச தோல் வழியா முதல்ல உள்ள போனா, உடம்பு அத எதிரின்னு எடுத்துக்கலாம். வாய் வழியா சின்னதுலயே பழகினா சொந்தம்னு எடுத்துக்க வாய்ப்பு அதிகம். நீங்க வாய மூடிட்டு தோல தெறந்து விட்டுட்டீங்க."

"அன்னிக்கே குடுத்திருந்தா இது வந்திருக்காதா?"

"உறுதியா சொல்ல முடியாது. வர்ற வாய்ப்பு குறஞ்சிருக்கும்."

அந்த 'உறுதியா சொல்ல முடியாது' இன்னும் என்னைத் தின்கிறது. முழுக்கப் பழி போடவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

அடுத்து பையன் பிறந்தான். அவன் தோல் சுத்தமாக இருந்தது. ஆறாம் மாதம் கூழும் பருப்புச் சோறும் பழகியதும், கடலையும் ஆரம்பியுங்கள் என்றார் டாக்டரம்மா. நாங்கள் பயப்படுவதைப் பார்த்து, முதல் வாய் இங்கேயே கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். அதற்காக வீட்டிலிருந்து கிளம்பும்போது அக்கா படியில் மறித்தார்.

"ஒண்ண சாவு வரைக்கும் கொண்டுபோனது பத்தலையா? இதுக்கும் ஊட்டப் போறியா?"

"ஆமா அக்கா. இந்தத் தடவ நான்தான் ஊட்டறேன்" என்றேன். கல்யாணமாகி அவருக்கு எதிராக நான் பேசிய முதல் வார்த்தை அது.

பையனுக்குச் சளியோ காய்ச்சலோ இல்லாத ஒரு காலை அது. மகள் பள்ளிக்குப் போயிருந்தாள். வறுத்துத் தோல் நீக்கிய கடலையை உப்பில்லாமல் வெண்ணெய்போல அரைத்துக் கொண்டுபோனேன். கெட்டியாக ஊட்டினால் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் ராகிக் கூழில் ஒழுகும்படி கரைத்தோம். கரண்டி நுனியில் மட்டும் ஒரு துளி. பத்து நிமிடம் பார்த்தோம். தடிப்பில்லை, வீக்கமில்லை, வாந்தியில்லை. பிறகு மீதியை மெதுவாக ஊட்டினேன். அவன் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு என் கையைப் பிடித்து இழுத்தான். இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். என் கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பி அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. இவ்வளவுதானா, இந்த ஒரு காலைப்பொழுதுதானா என் பெண்ணுக்கு இல்லாமல் போனது என்றே தோன்றிக்கொண்டிருந்தது.

ஒருமுறை கொடுத்து நிறுத்தினால் பயனில்லை என்று டாக்டரம்மா சொன்னதால் வாரத்தில் சில நாள் தவறாமல் கொடுக்கிறேன், மகள் பள்ளியில் இருக்கும் நேரமாகப் பார்த்து. கொடுத்ததும் அவன் வாயையும் என் கையையும் சோப்புப் போட்டுக் கழுவி, பாத்திரத்தைத் தனியாகத் தேய்த்து வைக்கிறேன். முந்திரியும் பாதாமும் பிறகு ஒவ்வொன்றாக, வேறுவேறு நாளில், மாவாகப் பொடித்துக் கூழில் கலந்து பழக்கினேன். முழுப் பருப்போ உடைத்த பருப்போ ஐந்து வயதுவரை கிடையாது. மூச்சுக்குழலில் போய் அடைத்துவிடும்.

மகளுக்கு இப்போது ஆறு வயது. அவள் பையில் அவசரத்துக்கு அந்த ஊசி மருந்தும் சிரிஞ்சும் இருக்கின்றன. எப்போது, தொடையில் எங்கே போடுவது என்று டாக்டரம்மா எங்கள் இருவருக்கும் பழக்கியிருக்கிறார். கோயிலில் பிரசாதத்துக்கு அவள் கை நீட்டினால், எந்த எண்ணெயோ என்ன பொடியோ என்று நான் அந்தக் கையை மடக்குகிறேன். "சாமி குடுத்தாக்கூட வேணாமாம்மா?" என்று கேட்டாள் ஒருநாள். திருநீற்றை மட்டும் பூசிவிட்டேன்.

அக்கா கல்யாண வீடுகளில் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். அதில் எண்ணெய் இல்லை. டாக்டர் இல்லை. தாய் தின்ற கடலை இருக்கிறது, மூத்தவளைக் காப்பாற்றிய சாமி இருக்கிறது, அதே சாமி புண்ணியத்தில் தேறிய தம்பி இருக்கிறான். கேட்கிற பெண்களில் யார் மடியிலாவது ஒரு கரப்பான் குழந்தை இருக்கும். அவள் வீட்டுக்குப் போய்க் கடலையை மூடி வைப்பாள், எண்ணெய்க் கிண்ணத்தை எடுப்பாள்.

அதனால்தான் எழுதினேன். கைக்குழந்தை உள்ள வீட்டில் இதைப் படித்துக் காட்டுங்கள். என்மேல் இரக்கப்பட்டு எதையும் சேர்க்காதீர்கள், அக்காவுக்குப் பயந்து எதையும் எடுக்காதீர்கள். தோல் வெடித்த குழந்தைக்கு முதலில் டாக்டர், பிறகுதான் கடலை என்பதை விட்டுவிடாதீர்கள். டாக்டரம்மா உறுதியாகச் சொல்ல முடியாது என்றதையும் அப்படியே சொல்லுங்கள்.