அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்

முதல் கோர்ட்டின் டைப்பிஸ்டம்மாவுக்கு அந்த வாசகம் தூக்கத்திலும் வரும். "எதிரி தன் வாகனத்தை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதி மரணம் விளைவித்தார்." இருபத்திரண்டு வருடமாக அதைத் தட்டித் தட்டி அவருடைய விரல்கள் தேய்ந்திருந்தன. முதலில் தட்டச்சு இயந்திரம், பிறகு கம்ப்யூட்டர். கருவி மாறியதே தவிர வாசகம் மாறவில்லை.

கோர்ட்டின் வழக்கம் அப்படி. குற்றம் சாட்டப்பட்டவருக்கு அங்கே 'எதிரி' என்று பெயர். சாட்சிக் கூண்டில் ஏறும் தாய்மார்கள் "என் புள்ளையக் கொன்னுட்டான்யா" என்று கதறுவார்கள். நடுவர் ஒரு நிமிடம் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருப்பார். அழுகை அடங்கியதும் டைப்பிஸ்டம்மா பக்கம் திரும்பி, "எதிரி ஓட்டி வந்த வாகனம் மோதியதில் என் மகன் இறந்துவிட்டார்" என்று சொல்வார். டைப்பிஸ்டம்மாவும் அப்படியே தட்டுவார். கூண்டில் நின்றவர் கொல்வதைப் பற்றிப் பேசியிருப்பார், தாளில் சாவு மட்டும் இருக்கும். அதில் அநியாயம் ஒன்றுமில்லை என்று டைப்பிஸ்டம்மா நம்பியிருந்தார். வேண்டுமென்றோ, செத்துவிடுவான் என்று தெரிந்தோ செய்தால்தான் அது கொலைப் பக்கம் போகும். காட்ட வேண்டிய கவனத்தைக் காட்டாமல் போனதால் ஓர் உயிர் போனால் அதற்கு வேறு பிரிவு, வேறு வார்த்தை, வேறு தண்டனை. வேறு கோர்ட்டும்கூட. கொலை என்றால் மேல் கோர்ட்டுக்குப் போய்விடும். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கெல்லாம் இதைப் பொறுமையாக விளக்கியிருக்கிறார். பொறுமை இருந்தது, ஏனென்றால் செத்தவர்கள் எல்லாம் அடுத்தவர் வீட்டுக்காரர்கள்.

அவருடைய கணவர் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அமிலப் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டியே பழகிய மனிதர். வீட்டில் உப்பு டப்பாவுக்கும் சர்க்கரை டப்பாவுக்கும்கூட லேபிள் ஒட்டி வைத்திருந்தார். "நக்கிப் பார்த்தா தெரியாதா?" என்று மனைவி கேலி செய்தால், "ஆய்வகத்துல அப்படித்தான் ஒருத்தன் நக்கிப் பார்த்தான்" என்பார் முகத்தை மாற்றாமல். சாயங்காலம் மனைவி வீடு திரும்பும்போது காபியோடு தயாராக இருப்பார். அன்றைய வழக்குகளைக் கதையாகக் கேட்பார். பாதியில் தூங்கியும் விடுவார்.

சந்து முனையில் அவர் சைக்கிளை நிறுத்துவதில்தான் சண்டை வந்தது. மளிகைச் சாமான்கள் கொண்டுவரும் வேன்காரனுக்கு அந்த இடத்தில்தான் வண்டியைத் திருப்ப வேண்டும். இரண்டு முறை வாய்த்தகராறு. மூன்றாம் முறை அவன் கத்தியே விட்டான்: "ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் ஏத்திட்டுப் போயிடுவேன் பெருசு!" சந்தே கேட்டது. கணவர் உள்ளே வந்து, "சைக்கிளையா, என்னையான்னு சொல்லாமப் போயிட்டான்" என்று சிரித்தார்.

அந்தச் சண்டைக்கு எட்டாவது நாள் காலை ஒன்பது மணி. டைப்பிஸ்டம்மா கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். கணவர் சைக்கிளை எடுக்கச் சந்து முனைக்கு நடந்தார். வேன் திரும்பி வந்தது. அவ்வளவுதான். மதிலுக்கும் வண்டிக்கும் நடுவே அவர் நசுங்கியதை மனைவி பத்தடி தூரத்திலிருந்து பார்த்தார், பூட்டு கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

மருத்துவமனை வராந்தாவில் காவல் நிலைய எழுத்தர் புகாரை எழுத உட்கார்ந்தார். "சொல்லுங்கம்மா, நான் எழுதிக்கறேன்" என்றார். டைப்பிஸ்டம்மா காகிதத்தை வாங்கித் தானே எழுதினார்.  யோசிக்காமலே வாசகம் வந்தது. அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதி மரணம் விளைவித்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். எழுத்தர் அசந்துபோனார், ஒரு திருத்தம்கூடத் தேவைப்படவில்லை. பாவி மனுஷி, கட்டிய கணவன் செத்த அன்றும் வேலையைத்தான் பார்த்திருக்கிறாள் என்று பிற்பாடு டைப்பிஸ்டம்மா தன்னையே திட்டிக்கொண்டார்.

ஏனென்றால் அந்தச் சந்தில் எவனாலும் அதிவேகமாக வர முடியாது. அகலம் பன்னிரண்டு அடி, நடுவில் ஒரு வளைவு. வேன் மெதுவாகத்தான் வந்தது. அவர் கண்ணால் கண்டது வேறு. வண்டிக் கண்ணாடிக்குப் பின்னால் அவனுடைய முகம் இல்லை. உச்சந்தலைதான் தெரிந்தது. முடி கொட்ட ஆரம்பித்த, வட்டமான உச்சந்தலை. காலடியில் எதையோ எடுக்கக் குனிந்திருந்தான். மோதின பிறகுதான் முகம் மேலே வந்தது.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை என்பதே உண்மை. வீட்டில் எல்லோரும் "கொன்னுட்டான்" என்றார்கள், அவரும் "கொன்னுட்டான்" என்றார். அந்த வார்த்தையைச் சொல்லும்போது கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. "விபத்து" என்று யாராவது சொன்னால் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விடுவார்.

கொழுந்தன் லேசில் விடுகிற ஆள் இல்லை. அண்ணன்தான் அவரைப் படிக்க வைத்தது. விசாரணைக்கு முந்தின நாள் வந்து உட்கார்ந்தார். ரோட்டில் பிரேக் போட்ட தடமே இல்லை என்று போலீஸ் வரைபடத்தில் இருப்பதைக் கேட்டு வந்திருந்தார்.

"அண்ணி, பிரேக்கே போடலை. ஏத்துவேன்னு முன்னாடியே சொல்லியிருக்கான். நீங்க ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும். அண்ணனைப் பார்த்தான், பார்த்துட்டுத்தான் ஏத்தினான். அவ்வளவுதான்."

டைப்பிஸ்டம்மாவுக்கு விளக்கத் தேவையில்லை. அந்த ஒரு வரி தாளில் ஏறினால் இந்த வழக்கு இந்தப் பிரிவில் நிற்காது. மேல் கோர்ட்டு, கொலை, ஆயுள். இரண்டு சொற்கள்தான், "பார்த்துட்டு ஏத்தினான்". அவர் கண்ணைத் தவிர அந்தச் சந்தில் வேறு கண் இல்லை. இரவெல்லாம் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். சரளமாகத்தான் வந்தது.

வழக்கு இரண்டாவது கோர்ட்டில். அங்கே தட்டுபவர் அவருடைய மதியச் சாப்பாட்டுக் கூட்டாளி, வேகத்துக்காக "ரயில்" என்று பெயர் வாங்கியவர். ரயில் அன்று தலை நிமிரவில்லை. கூண்டில் ஏறியபோதுதான் டைப்பிஸ்டம்மாவுக்கு ஒன்று புரிந்தது, இத்தனை வருடம் பார்த்த இடம்தான் என்றாலும் அங்கிருந்து பார்த்தால் கோர்ட்டு மிக உயரமாக இருக்கிறது. எதிரி ஜாமீனில் வந்து கைகட்டி நின்றான். கடைசி பெஞ்சில் கொழுந்தன்.

அரசு வக்கீல் காலையிலேயே சொல்லிவிட்டிருந்தார், உள்ளதைச் சொன்னால் போதும் என்று. என்ன நடந்தது என்று அவர் கேட்டதும் டைப்பிஸ்டம்மாவின் வாயிலிருந்து பழைய வாசகமே வந்தது. அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும். ரயில் அதை இரண்டு நொடியில் தட்டி முடித்தார்.

எதிரியின் வக்கீல் எழுந்தார். சத்தம் போடாத மனிதர், அதனாலேயே பொல்லாதவர். சந்தின் அகலம் கேட்டார். வளைவு கேட்டார். அந்த வளைவில் வண்டி எவ்வளவு வேகத்தில் வர முடியும் என்று கேட்டார். பிறகு, நீங்கள் கோர்ட்டில் தட்டச்சு வேலை செய்பவர், இந்த வாசகத்தை எத்தனை முறை தட்டியிருப்பீர்கள் என்று கேட்டார். கோர்ட்டில் யாரோ லேசாகச் சிரித்தார்கள்.

"வேகமா வந்துச்சா, இல்லையாம்மா?"

"வேகமா வரலை."

வக்கீல் உட்காரப் போனார். அவருக்கு அது போதும். வேகமும் இல்லை, அலட்சியம் இன்னதென்று யாரும் சொல்லவுமில்லை என்றால் எதிரி கையை வீசிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அதுவும் டைப்பிஸ்டம்மாவுக்குத் தெரியும். அப்படிப் போனவர்களின் விடுதலைத் தீர்ப்பையும் அவர்தானே தட்டியிருக்கிறார்.

நடுவர் கண்ணாடியைக் கழற்றினார். "வேகமா வரலைன்னா எப்படிம்மா மோதுச்சு? நீங்க என்ன பார்த்தீங்க?"

ரயிலின் விரல்கள் நின்றன. கொழுந்தன் பெஞ்சிலிருந்து பாதி எழுந்தார். டைப்பிஸ்டம்மா எதிரியைப் பார்த்தார். அவன் தலை குனிந்து நின்றான். அதே உச்சந்தலை, முடி இன்னும் கொஞ்சம் குறைந்திருந்தது. அந்தத் தலைதான் அவனைத் தண்டிக்கப் போகிற சாட்சி. அவன் கொலைகாரன் இல்லை என்பதற்கும் அதுவேதான் சாட்சி. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வழியில்லை. 

"அவன் ரோட்டைப் பார்க்கலைங்கய்யா. காலடியில என்னமோ எடுக்கக் குனிஞ்சிருந்தான். எனக்கு அவன் தலைதான் தெரிஞ்சுது. எங்க வீட்டுக்காரரை அவன் பார்க்கவே இல்லை."

வக்கீல் துள்ளி எழுந்தார். இது புகாரில் இல்லையே, இன்று ஜோடித்துச் சொல்வதுதானே, சைக்கிள் விஷயமாக முன்விரோதம் இருந்ததுதானே என்று அடுக்கினார். டைப்பிஸ்டம்மா எதையும் மறைக்கவில்லை. புகாரில் எழுதவில்லை. அன்று கைக்கு வந்தது பழக்கப்பட்ட வாசகம்தான். சண்டை இருந்தது உண்மை.

"ஜோடிச்சுச் சொல்லணும்னா வேற சொல்லியிருப்பேங்கய்யா" என்றார். நடுவர் அதை அப்படியே பதியச் சொன்னார், ஒரு சொல்கூட மாற்றாமல்.

திரும்பிப் பார்த்தபோது கொழுந்தன் பெஞ்சில் இல்லை. அதன் பிறகு அவர் அண்ணி வீட்டுக்கு வரவே இல்லை. அண்ணனை இரண்டாம் முறை சாகடித்துவிட்டாள் என்று உறவில் எல்லோரிடமும் சொன்னாராம். டைப்பிஸ்டம்மா மறுக்கவில்லை. சில நாள் அவருக்கே அப்படித்தான் தோன்றியது.

அன்று படியில் இறங்கும்போது வேன்காரன் ஓரமாக நின்றிருந்தான். தண்ணீர் பாட்டில் உருண்டு பிரேக்குக்குக் கீழே போனதால்தான் குனிந்தானாம். அன்றைக்குக் கத்தினது வெறும் கோபமாம். கையெடுத்துக் கும்பிட்டு அழுதான்.

"நீ கொல்லலை. அதைச் சொல்லிட்டேன்" என்றார் டைப்பிஸ்டம்மா. "ஆனா அவரு செத்துட்டாரு. அதை நான் யார்கிட்டப்பா போய்ச் சொல்றது?"

 பதிலுக்கு நிற்காமல் மீதிப் படிகளில் இறங்கிப் போனார்.

வேனிலிருந்து போலீஸ் கைப்பற்றிய பொருள்களின் பட்டியலில், பிரேக் மிதிகட்டை அருகே கிடந்த தண்ணீர் பாட்டில் என்று ஒரு வரி இருந்தது. அதுவரை யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. நடுவர் அதையும் சாட்சியத்தையும் சேர்த்து வைத்துக் குற்றம் நிரூபணமானது என்று தீர்ப்புச் சொன்னார். ஒரு வருடச் சிறை. கொலை என்றோ கொன்றான் என்றோ அந்தப் பதினோரு பக்கத் தீர்ப்பில் எங்கும் இல்லை. டைப்பிஸ்டம்மா நகலை வாங்கி இரண்டு முறை தேடிப் பார்த்தார்.

மறுநாள், அவர் வேலை செய்யும் முதல் கோர்ட்டில் வேறொரு விபத்து வழக்கு. மகளை லாரிக்குப் பறிகொடுத்த ஒரு கொத்தனார் கூண்டில் நின்று, "கொன்னுட்டான்யா, என் பொண்ணைக் கொன்னுட்டான்" என்று மாரில் அடித்துக்கொண்டார். நடுவர் காத்திருந்தார். பிறகு டைப்பிஸ்டம்மா பக்கம் திரும்பி வழக்கம்போல் ஆரம்பித்தார்: "எதிரி தன் வாகனத்தை அதிவேகமாகவும்..."

விரல்கள் தாமாகவே ஓடின. பாதியில் அவர் அவற்றை நிறுத்தினார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் நடுவருக்குக் குறுக்கே பேசியதே இல்லை.

"ஐயா, மன்னிக்கணும்" என்று எழுந்து நின்றார். "அவரு என்ன பார்த்தாருன்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்கய்யா."