நாலு ஜிபி இடம்

என் அக்கா பிரேமினி இரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். நான் பிறந்தபோது அம்மா தேயிலைக் கொழுந்தெடுக்கப் போக வேண்டியிருந்தது; தோட்டத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் என்னை விட்டால் அழுது அழுது மூச்சடைத்துப் போவேனாம். அதனால் அக்கா பள்ளிக்கூடப் பையைச் சுவரில் மாட்டிவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டாள். அந்தப் பை மறுபடியும் கீழே இறங்கவில்லை. நான் படித்தேன், கல்லூரி போனேன், கொட்டகலையில் டீச்சரானேன். அவள் லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பராக்களில் ஒன்றில், வாழ்க்கைப்பட்டு, இருபத்தாறு வருடம் கொழுந்து எடுத்தாள். அவளுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். அதற்கு மேல் தெரியாது.

அவள் கணவர் ஜெயகாந்தன் கொழும்பில் கட்டட வேலை செய்தார். மாமா ஊருக்கு வருவது பொங்கலுக்கும் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கும்தான். ஒரு தடவை வந்தபோது அக்காவுக்கென்று ஒரு போன் வாங்கி வந்தார். முப்பத்திரண்டு ஜிபி போன். எழுத்து தெரியாதவளுக்கு வாட்ஸ்அப்பில் குரலை அனுப்பலாம் என்று அவர்தான் பழக்கினார். அதற்குப் பிறகு நாலு வருடம் அவர்கள் குடும்பம் நடத்தியது அந்தப் போனுக்குள்தான். இன்றைக்கு என்ன கறி, சாரத்தில் எத்தனையாவது மாடி, பக்கத்தில் படுப்பவன் எப்படிக் குறட்டை விடுகிறான், எல்லாம் ஒரு நிமிடம், இரண்டு நிமிடக் குரலாக வரும். ஒன்றில் பேசிக்கொண்டே தூங்கிப்போயிருப்பார். மீதி நாலு நிமிடமும் மூச்சு மட்டும்தான். அக்காவுக்கு அதுதான் பிடித்தது.

ஆறாம் மாடிச் சாரம் சரிந்தபோது மாமாவின் போனும் அவர் சட்டைப் பையிலேயே நொறுங்கியது.

அதற்குப் பிறகு அக்கா வேலை விட்டு வந்து, அடுப்பைப் பற்றவைத்து, வெறும் சில்வர் செம்புக்குள் போனை நிறுத்தி வைப்பாள். செம்புக்குள் வைத்தால் சத்தம் கூடும். தேதி வாசிக்கத் தெரியாததால் விரலால் தள்ளித் தள்ளி, அடையாளம் வைத்துத்தான் ஒவ்வொன்றையும் கண்டுபிடிப்பாள். நாய்ப் படத்துக்குக் கீழே மூன்றாவது, கொய்யாப்பழப் படத்துக்கு மேலே இரண்டாவது, இப்படி.

மாமியார் ராசம்மாவுக்கு அது பொறுக்காது.

"புருசன் செத்து ரெண்டு வருசம் ஆச்சு. இவ இன்னும் செம்போட குடும்பம் நடத்துறா. லயத்துல நாலு பேரு கேட்டா என்னா சொல்லுவாங்க?"

"ஒங்க மகன் பேசுறாரு அத்த. நீங்களும் கேக்கலாம்."

"அதான் மண்ணுல போட்டாச்சே. செத்தவன் கொரலு அடுப்படியில கேட்டா வீடு வெளங்குமா?"

போனையும் அவர்கள் அக்காவுடையது என்று நினைக்கவில்லை. மகன் வாங்கிய போன், ஆகவே வீட்டுப் போன். பகலில் அக்கா மலையில் நிற்கும்போது அது மாமாவின் தம்பி நிரஞ்சனின் கையில் இருக்கும். அவன் அதில் ஒரு துப்பாக்கிச் சண்டை கேம் ஏற்றியிருந்தான். சுலக்ஷனா என்று அடுத்த காம்பராப் பெண், அவள்தான் பின்னால் எனக்கு நடந்ததை எல்லாம் சொன்னவள்.

போன வருடத் திருவிழாவுக்கு முந்திய நாள். கரகத்தைச் சோடித்துப் பாலிக்கும் இடத்திலிருந்து கோயில் வரை முழுவதையும் வீடியோ எடுத்துக் கொழும்பில் இருக்கும் தோட்டத்து ஆட்களுக்கு அனுப்புவது இப்போது எங்கள் பக்கம் வழக்கமாகிவிட்டது. அந்த வருடம் நிரஞ்சன் எடுப்பதாக ஏற்றுக்கொண்டான். அரை மணி நேர வீடியோவுக்கு நாலு ஜிபி வேண்டும் என்று கணக்குப் போட்டான். போனில் காலியாக இருந்ததோ அரை ஜிபி.

எதை முதலில் அழிப்பது என்று வீட்டுக்குள் பேச்சு வந்ததும் அக்கா பயந்துவிட்டாள். "என் தங்கச்சி டீச்சர். அவ சொல்றதத்தான் அழிக்கணும்" என்று நின்றாள். நிரஞ்சனையே இடக் கணக்குப் பக்கத்தைத் திறந்து படம் பிடிக்கச் சொல்லி எனக்கு அனுப்பவைத்தாள். பின்னாலேயே அவள் குரலும் வந்தது.

அப்போது பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் கூட்டம். அதிபர் பேசிக்கொண்டிருந்தார். குரலைக் கேட்க முடியாது. படத்தை மேசைக்கடியில் வைத்துப் பார்த்தேன். ஆப்கள் ஒன்பது ஜிபி, அதில் அந்தக் கேம் மட்டும் மூன்று புள்ளி ஒன்று. வீடியோ ஐந்து. படங்கள் இரண்டு. குப்பைக்கூடையில் ஒன்று புள்ளி இரண்டு: அழித்தும் முப்பது நாள் வரை போனை விட்டுப் போகாமல் கிடப்பவை. எல்லாவற்றுக்கும் அடியில், ஒலி, நூற்று எண்பத்தாறு எம்பி.

கடினமான கணக்கே இல்லை. அக்காவோடு எப்போதும் குரலில்தான் பேசுவேன். அன்றைக்கு மட்டும் எழுதினேன்.

'முதலில் கேமை எடுத்துவிடுங்கள், 3.1 ஜிபி. திருவிழா முடிந்து திரும்ப ஏற்றலாம். கணக்கோடு சேர்த்திருந்தால் விளையாடிய இடத்திலிருந்தே தொடரும். அடுத்து குப்பைக்கூடையைக் காலி செய்யுங்கள், 1.2. இரண்டும் சேர்ந்து 4.3, போதும். ஒலியைத் தொட வேண்டாம். அது 200 எம்பி கூட இல்லை, அழித்தும் பயனில்லை. அது மாமாவின் குரல்.'

அனுப்பிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டேன்.

நிரஞ்சன் அதைத் தனக்குள் ஒரு தடவை வாசித்தான். பிறகு சத்தமாக வாசித்தான். சுலக்ஷனா கதவடியில் நின்றாள்.

"டீச்சர் எழுதியிருக்காங்க அண்ணி. மொதல்ல ஒலிய எடுத்துருங்களாம். அடுத்தது குப்பக்கூடைய காலி பண்ணட்டுமாம்."

"ஒலின்னா?"

"கொரலு."

"அவ அப்படியா எழுதியிருக்கா?"

"இந்தா இருக்குல்ல, பாருங்க." அவள் முகத்துக்கு நேரே போனை நீட்டினான். அக்கா பார்த்தாளாம். எழுத்தின் மேல் விரலை வைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் பார்த்தாளாம்.

ராசம்மா அடுப்படியில் இருந்து சொன்னாள்: "படிச்சவளே சொல்லிட்டா. அவளுக்காவது புத்தி இருக்கு."

"அழிச்சாலும் வாட்ஸ்அப்புல இருக்கும் அண்ணி. தொட்டா திரும்ப எறங்கும். நீங்களே அமத்துங்க, பெறகு என்னைய சொல்லக்கூடாது."

ஒலிக்குள் இருந்த குரல்களின் கோப்புறையை அவன் தெரிவு செய்து கொடுத்தான். அழிக்கும் குறியை அக்காவே அழுத்தினாள். நாலு வருடம் மாமா பேசியதும், அவருக்கு அவள் பேசியதும் சேர்த்துக் குப்பைக்கூடைக்குள் விழுந்தது. அங்கே முப்பது நாள் கிடந்திருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது ஒரு தட்டில் மீட்டிருப்பேன். ஆனால் அவன் அடுத்ததாக நான் எழுதியபடியே செய்தான். குப்பைக்கூடையைக் காலி செய்தான்.

இருந்த அரை ஜிபியோடு சேர்த்தும் இரண்டு ஜிபி வரவில்லை. திருவிழாக் காலையில், வேறு வழி இல்லாமல், கேமை எடுத்தான். வீடியோ எடுத்தான். மறுநாள் கடைத் தெருவில் ஒரு நண்பனின் வைஃபையில் கேமைத் திரும்ப ஏற்றினான். ஒரு துப்பாக்கி கூடக் குறையாமல் வந்தது என்று லயத்தில் எல்லாரிடமும் சொன்னானாம்.

நானோ, எழுதி அனுப்பிய அன்று மாலைதான் அக்காவின் குரலைக் கேட்டேன். "பாப்பா, நாலு ஜிபி வேணுமாம். என்னா வேணும்னாலும் அழிக்கச் சொல்லு. மாமா பேசினது மட்டும் போயிரக் கூடாது." நான்தான் சரியாக எழுதிவிட்டேனே என்று நிம்மதியாக இருந்தேன். திரும்பக் கூப்பிடவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போனபோது அக்கா செம்புக்குள் இருந்து போனை எடுத்து என்னிடம் நீட்டினாள். பேச்சுகள் வரிசையாக அப்படியே இருந்தன, நாய்ப் படம், அதற்குக் கீழே மூன்றாவது. தொட்டால் ஒரு சின்ன எழுத்து வந்து போனது.

"மூணு நாளா தொட்டுப் பாக்குறேன். என்னமோ எழுதிக் காட்டுது. என்னா சொல்லுது?"

நான் வாசித்தேன். கோப்பு இல்லை, அனுப்பியவரிடம் மறுபடியும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள் என்று இருந்தது. அதை அவளுக்குச் சொல்லவும் செய்தேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

"யார்கிட்ட கேக்கச் சொல்லுது?"

போனைத் திரும்பச் செம்புக்குள் வைத்தேன்.

"ஏன் பாப்பா அழிக்கச் சொன்ன?"

என் போனைத் திறந்து நான் எழுதியதைக் காட்டினேன். வரி வரியாக வாசித்தேன். அக்கா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அதற்கு முன் பார்த்ததில்லை.

"அவன் ஒரு மாதிரி வாசிச்சான். நீ ஒரு மாதிரி வாசிக்கிற. ரெண்டு பேருமே படிச்சவுங்க."

"சுலக்ஷனாவக் கூப்பிடு. அவ வாசிக்கட்டும்" என்றேன்.

"வேணாம்."

"ஏன்?"

அவள் வாசலைப் பார்த்தாள். நிரஞ்சன் வெளியே யாரையோ கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அவளும் வாசிச்சு நீ சொல்றதுதான் சரின்னு ஆயிருச்சுன்னு வையி. நான் தெனமும் அவன் மூஞ்சியிலதானே முழிக்கணும், அவனுக்குத்தானே சோறு வடிக்கணும்? என்னால ஏலுமா? நீ தப்பாச் சொல்லிட்டன்னு இருந்துட்டுப் போகட்டும். நீ மாசத்துக்கு ஒருக்கா வர்ரவ. ஒங்கிட்ட கோவமா இருக்குறது லேசு."

அன்று சோறு போட்டாள். என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. அதற்குப் பிறகும் அவள் எனக்குக் குரல் அனுப்பவில்லை. நான் அனுப்பியவற்றைக் கேட்டாள், நீலக் குறி விழும், பதில் வராது. பின்னொரு மாலை ராசம்மா, மகன் செத்த திதி நாளில், "அவன் கொரல கொஞ்சம் போடு" என்று கேட்டிருக்கிறாள். "டீச்சர் அழிக்கச் சொன்னா அத்த" என்று அக்கா பதில் சொன்னாளாம். நிரஞ்சன் பக்கத்தில்தான் இருந்தானாம்.

இந்த வருடம் மாசியில், ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து எடுக்கும்போது குளவிக்கூடு கலைந்தது. மற்றவர்கள் ஓடினார்கள். அக்கா ஓடிய பக்கம் ஆழமான வடிகால் கான் இருந்தது; அதற்குள் விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் லொறியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவளைக் கிடத்தியிருந்தார்கள். முகம் வீங்கி, என் அக்கா என்று சொல்ல முடியாமல் இருந்தது. நிரஞ்சன் அழுது சிவந்த கண்ணோடு வந்து என் தோளைத் தொட்டான்.

"டீச்சர், மரண அறிவித்தல் அடிக்கணும். அண்ணியோட நல்ல போட்டோ ஒன்னு ஒங்க போன்ல இருந்தா அனுப்புங்க. நம்ம போன்ல இருந்தத எல்லாம் எடம் பத்தாம அழிச்சாச்சு."

தேடினேன். கிடைத்ததை அனுப்பினேன். அந்தப் போன் அவன் கையில்தான் இருந்தது. போய்ச் சேரவில்லை. இடம் இல்லை என்று காட்டுகிறது என்றான். எதை முதலில் அழிக்கலாம் என்று என்னிடமே கேட்டான்.