லீவு முடிந்து ஏறிய மலை

லடாக்கில் எனக்கு வாய்த்த முதல் சந்தோஷம் இன்னொருவன் வாந்தி எடுத்ததுதான். எழுபதுகளின் தொடக்கம். நான் கீழச்சிவல்பட்டிப் பக்கத்துத் தச்சன் வீட்டுப் பிள்ளை. அவன் கண்டரமாணிக்கத்து விவசாயி வீட்டுப் பிள்ளை. ராணுவத்தின் கட்டுமானப் பிரிவில் இருவரும் மரவேலை ஆட்கள். ஒரே விமானத்தில் போய் இறங்கினோம். மூன்றாம் நாளே நான் சாதாரணமாக நடந்தேன். அவனுக்கோ தலைவலி, வாந்தி, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல். பத்து நாள் ஆயிற்று அவன் நிமிர.

"ஏர் பிடிச்ச நெஞ்சு இங்க செல்லாதோ மாப்ளே?" என்று கேலி செய்தேன். "உனக்கென்னப்பா, பிறவியிலேயே பெரிய நுரையீரல்" என்றான் அவன். அதை நான் நம்பிவிட்டேன். அதுதான் பிசகு.

எங்கள் ராணுவ டாக்டர் புதிதாக வருகிறவர்களை உட்கார வைத்து ஒரு முறை சொல்வார். மேலே காற்றில் பிராணவாயுவின் பங்கு குறைவதில்லை, காற்றே மெலிந்துவிடுகிறது. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போவது குறைவு. உடம்பு உடனே வேகமாக மூச்சு வாங்கும். அப்படி வாங்கினால் ரத்தத்தின் புளிப்பு, அதாவது அமிலத்தன்மை, குறைந்துபோகும். அதைச் சிறுநீரகம் நாலைந்து நாளில் சிறுநீர் வழியே சரி செய்யும். அப்புறம் வாரக்கணக்கில் புது ரத்த அணுக்கள் ஊறும். "அடிக்கடி சிறுநீர் கழிக்கிறவன் தேறிவிடுவான்" என்பார். அதற்கும் நாங்கள் போட்டி போட்டோம். நான்தான் ஜெயித்தேன்.

ஓராண்டு கழிந்தது. இன்னும் உயரத்தில், காவல் சாவடி ஒன்றுக்கு மரக்கொட்டகைகள் எழுப்பும் வேலை வந்தது. ஆறு பேர், ஒரு பொறுப்பாள். பொறுப்பாளுக்குப் பதவி உயர்வாகச் சட்டைக் கையில் ஒற்றைப் பட்டை கிடைக்கும். எங்கள் மேஜர் என் பக்கம்தான் கையைக் காட்டினார். அதற்குள் எனக்கு இரண்டு மாத லீவு வந்துவிட்டது. தங்கை கல்யாணம். போகாமல் முடியாது.

ஊரில் கால் வைத்தவுடன் என் பெருமை எல்லை மீறியது. முதல் வாரம் குன்றக்குடி மலைப்படியை மூச்சு வாங்காமல் ஓடி ஏறினேன். மச்சினன் பாதியில் உட்கார்ந்து நாய் மாதிரி இளைத்தான். "பட்டாளத்து நெஞ்சு" என்று மார்பைத் தட்டிக்கொண்டேன். பட்டை வரப்போகிறது என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னேன். லீவின் கடைசி வாரம் அதே படியில் எனக்கும் இளைத்தது. கல்யாணச் சோறும் பணியாரமும் செய்த வேலை என்று விட்டுவிட்டேன்.

அப்போதுதான் அவன் கடிதம் வந்தது. 'மேஜர் என் வேலையைப் பாராட்டினார். நீ வரத் தாமதமானால் கொட்டகைப் பொறுப்பை என்னிடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நீ சீக்கிரம் வா, நீ இருந்தால்தான் வேலை அழகாக இருக்கும்.' நல்ல மனசோடு எழுதிய கடிதம். எனக்கு வயிறு எரிந்தது. உளியை ஒழுங்காகத் தீட்டத் தெரியாதவனுக்குப் பாராட்டா? என் இடத்தில் உட்கார்ந்துகொண்டு என்னையே வரவேற்கிறானா?

மனைவிதான் கவனித்தாள். "காயிதம் வந்ததுலேர்ந்து சோறே எறங்கல. யாருக்கு என்ன ஆச்சுன்னு இப்படி இருக்கீக?" என்றாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அவனுக்கு நல்லது ஆகிறது என்று எப்படிச் சொல்வது?

விமானத்தில் திரும்பி இறங்கினால், லீவில் போய் வந்தவனும் புது ஆள்தான், ஆறு நாள் உடம்பைப் பழக்குவது கட்டாயம் என்றார்கள். இரண்டு நாள் படுக்கை, அப்புறம் கொஞ்ச நடை, கடைசியில் மெதுவான ஏற்றம். மரம் ஏற்றிய லாரி மூன்றாம் நாள் காலை கிளம்புகிறது. நான் ஏறாவிட்டால் பொறுப்பு அவனுக்கு.

மேஜரிடம் போய் நின்றேன். ஓராண்டு இங்கேயே கிடந்தவன், எனக்கு எதற்குப் படுக்கை என்றேன். டாக்டர் வெளிமுகாம் போயிருந்தார். மருத்துவ உதவியாள் தலைவலி உண்டா என்று கேட்டான். மண்டை பிளந்துகொண்டிருந்தது. இல்லை என்றேன். லாரியில் ஏறிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

லாரியடியில் கண்டரமாணிக்கத்தானுக்கு என்னைப் பார்த்ததில் அவ்வளவு சந்தோஷம். "நல்லவேளை வந்துட்ட மாப்ளே, எனக்கு ஒரே பயமா இருந்துச்சு" என்றான். பட்டை போகிறதே என்ற வருத்தம் முகத்தில் துளிகூட இல்லை. நடிக்கிறான் என்று நினைத்தேன்.

மேலே போன அன்று மதியமே பலகை தூக்க ஆரம்பித்தேன். அவன் ஒரு பலகையைத் தூக்கி, நின்று, நிதானமாக மூச்சு விட்டு, அடுத்ததற்குப் போனான். ஓராண்டில் அவன் உடம்பு கற்றுக்கொண்டது அது. நான் அவனை முந்துவதற்காக இரண்டிரண்டாகத் தூக்கினேன். பத்தடிக்கு ஒரு முறை நெஞ்சு அடைத்தது. சாயங்காலம் வறட்டு இருமல். மறுநாள் காலை, பேசாமல் உட்கார்ந்திருந்தும் மூச்சு நிலைக்கு வரவில்லை. நெஞ்சுக்குள் களகளவென்று சத்தம்.

"உதடு நீலமா இருக்கு. எறங்கிரு, இப்பவே" என்றான்.

"நீ பொறுப்பாளாகணும், அதானே?" என்றேன். அந்த ஒரு வாக்கியம் சொல்ல மூன்று முறை மூச்சு வாங்கினேன். பிறகு இருமித் துப்பினேன். பனியில் ரோஜா நிறத்தில் நுரை விழுந்தது.

அவன் அதற்கு மேல் என்னிடம் கேட்கவில்லை. தோளில் அள்ளி லாரியில் போட்டான். சாவடியில் இருந்த ஒரே பிராணவாயு உருளையை எடுத்துக்கொண்டான். முகமூடியை என் மூக்கோடு அழுத்திப் பிடித்து, என்னைச் சாய்த்து உட்கார வைத்து, வழி முழுவதும் கூட வந்தான். இறங்க இறங்க நெஞ்சுக்கட்டு கொஞ்சம் தளர்ந்தது. அந்த நோய்க்கு முதல் மருந்து இறக்கம்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. மலையில் பழகியதெல்லாம் சமவெளிக்குப் போனால் சில வாரங்களில் கரைந்துவிடும். பழைய ஆள் என்ற நினைப்பு மட்டும் கரையாது. அதனால்தான் லீவு முடிந்து வருகிறவன் புதியவனைவிட மோசமாக விழுகிறான் என்றார். நுரையீரலுக்குள் நீர் கசிந்திருந்தது. இன்னும் அரை நாள் மேலே இருந்திருந்தால் பெட்டியில்தான் ஊருக்குப் போயிருப்பேன்.

மூன்றாம் நாள் அவன் என் கட்டிலருகே வந்து உட்கார்ந்தான். எனக்கு இன்னும் முகமூடி இருந்தது. அவன் தாடையில் சவரம் இல்லை.

"மேல பெரிய பனி, ரோடு மூடிக்கிருச்சு" என்றான். "நான் திரும்பிப் போக முடியல. வேலை நிக்கக் கூடாதுன்னு அங்குட்டு நம்ம ஆறு பேர்ல இருக்குற சேலத்துக்காரனையே பொறுப்பாப் போட்டுட்டாக. பட்டையும் அவனுக்குத்தான். போகட்டும், நீ பொழச்சதே போதும்."

எனக்காக மலையிறங்கியதில் அவனுக்கும் போய்விட்டது. அது புரிந்த கணத்தில் என் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. அத்தனை நாளில் முதல் தடவையாக முழு மூச்சு ஒன்று அடி வயிறு வரை போயிற்று. முகமூடிக்குள் சிரித்தேன்.

அவன் அதைப் பார்த்துவிட்டான். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "வந்துருச்சு மாப்ளே, மூச்சு வந்துருச்சு" என்று அழுதான்.