கேமரா அணைந்த பிறகு

அந்த வாரக் கூட்டத்தில் குறிப்பு எடுக்கும் முறை என்னுடையது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். காலையிலேயே இரண்டு பேனாவை எழுதிப் பார்த்து எடுத்து வைத்தேன். காரைக்கால் ஏற்றுமதி அலுவலகத்தில் முதலாளி, கணக்குப்பிள்ளை, நான் என்று மூன்று பேர். துபாயிலிருந்து முதலாளியின் தம்பியும், சென்னை வீட்டிலிருந்தே எங்கள் கஸ்டம்ஸ் பேப்பர் வேலையைப் பார்க்கும் அக்காவும் திரையில் வருவார்கள். வெள்ளிக்கிழமை என்பதால் ஜும்ஆ தொழுகைக்கு முன் முடித்துவிட வேண்டும். எல்லோர் கேமராவும் ஓடவேண்டும். யார், என்ன, எந்த நாளுக்குள் என்று கடைசியில் வாசித்துக்காட்டி, அன்றே வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும்.

கடைசியில் வரிவரியாக விரல் வைத்து வாசித்தேன். "செவ்வாக்கிழமை கன்டெய்னர் ஏத்துறோம். அக்கா திங்கக்கிழமைக்குள்ள பேப்பர முடிக்கிறாங்க." எல்லோரும் தலையாட்டினார்கள். கேமரா அணைந்தது.

டீ வந்ததும் முதலாளி, "திங்களே ஏத்திடுவோம்பா" என்றார். கணக்குப்பிள்ளையும் சரி என்றார். அக்காவுக்குத் தெரியாதே! பேப்பர் இல்லாமல் வண்டி துறைமுக வாசலில் நின்றால்?

"முதலாளி, அவங்க ரெண்டு பேரும் இதக் கேக்கலைங்களே. திரும்பக் கூப்புடட்டுங்களா?"

"ஒனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்யா. சரி, கூப்புடு."

திரையில் வந்த அக்கா பதறினார். "திங்கள் சாயங்காலந்தாங்க பேப்பரே கைக்கு வரும்!"

செவ்வாயே நிலைத்தது. கேமரா அணைந்தபின் பேசுவது, குழுவில் எல்லோரும் சம்மதிக்கும்வரை செல்லாது என்று குறிப்பில் சேர்க்கச் சொன்னார் முதலாளி. சேர்த்து அனுப்பினேன்.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. திங்கள் காலை அக்காவைக் கூப்பிட்டேன்.

"தம்பி, சாயங்காலம்னு சொன்னேன்ல? இன்னும் பல்லே வெளக்கலப்பா!"